அஞ்சு நிமிஷமும் அம்பது நாளும் - வீடு விக்கற மச்சானுக்குச் சொன்னது

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டிருந்த மேட்டர் இது. போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிக்கை நீட்டினார். அதைப் பார்த்ததும் வயிறு கொஞ்சம் எரிஞ்சது. பொறாமை இல்லீங்க, கதை வேற. அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

என் மச்சான் (வீட்டம்மாவோட அண்ணன்) தாம்பரம் பக்கம் ஒரு சின்ன பில்டர். பெரிய பேரெல்லாம் கிடையாது. மூணு கிரவுண்ட் இடம், ஸ்டில்ட்டுக்கு மேல மூணு மாடி, பன்னிரண்டு வீடு, முறைப்படி ரேரா பதிவு. இதுதான் அவரோட மொத்த சாம்ராஜ்யம். சேல்ஸ் டீம்னு சொன்னா அவரும், சைட் சூபர்வைசர் தம்பியும், அப்பப்ப எக்செல் ஷீட் போட்டுக் குடுக்கற நானும். எட்டு வீடு வித்தாச்சு, நாலு பாக்கி. அந்த நாலுல மாட்டியிருக்கற காசுக்கு மாசாமாசம் வட்டி ஓடிட்டிருக்கு.

நம்ம ஆபீஸ் நண்பர் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி 9.40க்கு மச்சானோட விளம்பரத்தை ஒரு தளத்துல பார்த்து, பேரும் நம்பரும் குடுத்து விசாரிச்சிருக்கார். அது என் மச்சான் கட்டற வீடுன்னு அவருக்குத் தெரியாது. அவர் விசாரிச்சது எனக்குத் தெரியாது. மச்சான் கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அதுக்குள்ள நண்பர் ரெண்டு தெரு தள்ளி இன்னொருத்தர் கட்டற வீட்டைத் திங்கக்கிழமை சாயங்காலமே பார்த்து, வீட்டம்மாவுக்கும் பிடிச்சு, பேச்சுவார்த்தைல உக்காந்துட்டார். "உங்க மச்சான் வீடுன்னு தெரிஞ்சிருந்தா பார்த்திருப்பேனே சார்"னு பத்திரிக்கையைக் குடுத்துட்டு சொல்றார். அந்த இன்னொரு வீடு இதைவிட ஒண்ணும் உசத்தி இல்லை. அவங்க ஞாயித்துக்கிழமை ராத்திரியே ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

இதை மச்சான்கிட்ட சொன்னா அவர் பதில் என்ன தெரியுமா? "மாப்ள, வாங்கறவன் தானா வருவான். சும்மா பொழுது போகாம கிளிக் பண்றவனை எல்லாம் துரத்த முடியுமா?"

இந்த வாக்கியத்துல பாதி நிஜம், பாதி தப்பு. ரெண்டையும் பிரிச்சுச் சொல்றதுதான் இந்தப் பதிவு.

நிஜமான பாதி

ஒரு மாசத்து விசாரணை முழுசையும் எடுத்து உக்காந்து பிரிச்சேன். மொத்தம் 62. அதுல 9 டூப்ளிகேட், ஒரே ஆள் ரெண்டு தளத்துலயும் கேட்டது. 8 பேர் புரோக்கர், இல்லேன்னா "சார் ஹோம் லோன் டை-அப் வேணுமா" கோஷ்டி. 5 தப்பான நம்பர். மிச்சம் 40 பேர்தான் நிஜமா வீடு தேடற மனுஷங்க. ஆக மூணுல ஒண்ணு குப்பைன்னு மச்சான் புலம்பறது பொய் இல்லை.

ஆனா குப்பை எது, கோமேதகம் எதுன்னு கூப்பிட்டுப் பேசாம தெரியாதே. அங்கதான் மச்சான் சறுக்கறார். "கிளிக் பண்றவன்"னு மொத்தமா ஒரு மூட்டையா கட்டி, சாயங்காலம் சைட் வேலை முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டு, மூடு இருந்தா கூப்பிடறது. அந்த 40 பேர்ல கால் மணி நேரத்துக்குள்ள பதில் போனது 9 பேருக்கு. அதே நாள்ல 14. மறுநாள் 11. அதுக்கப்புறமோ, கூப்பிடவே கூப்பிடாமலோ விட்டது 6. முதல் 9 பேர்ல 3 பேர் சைட்டுக்கு வந்தாங்க. அதே நாள் பதில் போன 14ல ரெண்டு பேர். மறுநாளும் அதுக்கப்புறமும் போன 17 பேர்ல ஒருத்தர்கூட வரலை.

40 பேர் கணக்கை வெச்சு உலக நியதி எதுவும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனா இதைப் பெரிய அளவுல பார்த்தவங்க இருக்காங்க. 2011ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கால 2,241 நிறுவனங்களுக்கு இணையம் வழியா விசாரணை அனுப்பி, எவ்ளோ நேரத்துல பதில் வருதுன்னு பார்த்தாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் சொன்னவங்க 37 சதவீதம். பதிலே சொல்லாதவங்க 23 சதவீதம். அதே கட்டுரைல இன்னொரு கணக்கு: ஒரு மணி நேரத்துக்குள்ள தொடர்பு கொள்ள முயற்சி பண்ணவங்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி முயற்சி பண்ணவங்களைவிட, உருப்படியான பேச்சு அமையற வாய்ப்பு கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

இதை அப்படியே தாம்பரத்துக்குத் தூக்கிட்டு வர முடியாது. அது வீடு விக்கறதைப் பத்தின ஆய்வு இல்லை, எல்லா வகை நிறுவனமும் கலந்தது. தவிர, சீக்கிரம் பதில் சொல்ற கம்பெனி மத்த வேலையையும் ஒழுங்கா செய்யற கம்பெனியா இருக்கும். அந்த ஏழு மடங்குல வேகத்தோட பங்கு எவ்ளோ, ஒழுங்கோட பங்கு எவ்ளோன்னு பிரிக்கறது கஷ்டம். ஆனா திசை சரி. காரணமும் சிம்பிள்.

ஏன் அஞ்சு நிமிஷம்?

வீடு தேடற ஆள் எப்படித் தேடறார்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு போனை எடுக்கறார். "சேலையூர், டபுள் பெட்ரூம், 75 லட்சத்துக்குள்ள"ன்னு போடறார். வரிசையா வர்றதுல நாலு, அஞ்சு விளம்பரத்துல "தொடர்பு கொள்ள" பட்டனைத் தட்டறார். சில சமயம் அவர் ஒண்ணைத் தட்டினாலே அதே மாதிரி வீடு வெச்சிருக்கற வேற நாலு பேருக்கும் தகவல் போகுது. அந்த நிமிஷம் அவர் கையில் பக்கம் திறந்திருக்கு, பக்கத்துல வீட்டம்மா உக்காந்திருக்காங்க, லோன் எவ்ளோ கிடைக்கும்னு கணக்குப் போட்டுட்டிருக்காங்க. அப்ப வர்ற பதிலுக்கு அவர் மனசுல ஒரு இடம் இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டா? "எந்த வீடு? எந்த சைட்ல பார்த்தேன்?"னு கேக்கறார். எதைத் தட்டினோம்னே ஞாபகம் இல்லை. மச்சான் இதைத்தான் "சும்மா கிளிக் பண்றவன்"னு எடுத்துக்கறார். அந்த ஆள் சும்மா கிளிக் பண்ணலை. நாமதான் அவரைச் சும்மா கிளிக் பண்ணவரா மாத்திட்டோம்.

ஒரு எச்சரிக்கை. "அஞ்சு நிமிஷத்துல பதில்"னதும் நம்ம சூபர்வைசர் தம்பி ஒரு நாள் உற்சாகமாகி, விசாரணை வந்த உடனே ஒருத்தரை மூணு தடவை தொடர்ந்து கூப்பிட்டிருக்கான். அவர் மீட்டிங்ல இருந்திருக்கார் போல. நாலாவது தடவை நம்பரே பிளாக். வேகம்னா முதல் பதில் சீக்கிரம் போறது. ஆளை அமுக்கறது இல்லை.

இன்னொரு ஏமாத்து, வாட்ஸப் பிசினஸ்ல இருக்கற தானியங்கி வாழ்த்து. "உங்கள் விசாரணைக்கு நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்"னு அதுவே அனுப்பிடும். மச்சான் அதை வெச்சுட்டு "பார், ஒரே செகண்ட்ல பதில் போகுது"ன்னு பெருமைப்பட்டார். அது பதில் இல்லை மச்சான், அது ரசீது. கேட்ட ஆளுக்கு அதுல ஒரு தகவலும் இல்லை.

முதல் மெசேஜ்

எங்க ஊர்ல தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா பாதிப் பேர் எடுக்கறதில்லை. கிரெடிட் கார்டு, லோன், இன்சூரன்ஸ்னு அடிபட்டுப் பழகிட்டாங்க. அதனால முதல்ல மெசேஜ், அப்புறம் கால். இந்த வரிசையை மாத்தக் கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

இப்ப நாங்க அனுப்பற முதல் மெசேஜ் இது. வாட்ஸப் பிசினஸ்ல "குவிக் ரிப்ளை"யா சேமிச்சு வெச்சிருக்கு. சாய்கோடு போட்டு சுருக்கப் பேரைத் தட்டினா மொத்தமும் வந்துடும், பேரை மட்டும் மாத்தினா போதும்.

"வணக்கம் சார் / மேடம். சேலையூர் வீட்டைப் பத்திக் கேட்டிருந்தீங்க. நான்தான் கட்டறவன், நேரடியா பேசறேன். இப்ப இருக்கறது நாலு வீடு. டபுள் பெட்ரூம் 1,010 சதுர அடி, அதுல கார்பெட் ஏரியா 705, யூடிஎஸ் 527. எல்லாச் செலவும் சேர்த்து 74.74 லட்சம், பத்திரப்பதிவு தனி. வடக்கு வாசல் ஒண்ணு, மேற்கு வாசல் மூணு. ரேரா நம்பர், பிளான், போட்டோ கீழே. பேச எந்த நேரம் வசதின்னு சொன்னா அப்ப கூப்பிடறேன்."

இதுல ஒவ்வொரு வரியும் ஒரு சண்டைக்கப்புறம் வந்தது. பெரிய சண்டை விலைக்குத்தான்.

விளம்பரத்துல மச்சான் போட்டிருந்தது 68 லட்சம். சதுர அடி 6,800 வீதம் 1,010 சதுர அடிக்கு 68,68,000. ஈபி, மெட்ரோ வாட்டர் வகையறா ரெண்டரை லட்சம் சேர்த்தா 71,18,000. கட்டி முடிக்காத வீடுங்கறதால ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 3,55,900. ஆக 74,73,900. அதாவது விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் நடுவுல ஆறு லட்சம். மச்சான் வாதம்: "74னு போட்டா எவனும் கிளிக் பண்ண மாட்டான் மாப்ள. வரட்டும், நேர்ல பேசிக்கலாம்."

சரி, வர்றார். 70 பட்ஜெட் வெச்சிருக்கறவர் வெயில்ல பைக் எடுத்துட்டு, குழந்தையைக் கூட்டிட்டு வர்றார். நேர்ல 75ன்னு கேட்டதும் முகம் மாறுது. அவர் திரும்ப வரமாட்டார், நமக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. 75 பட்ஜெட் வெச்சிருக்கற நிஜ ஆள், 68ன்னு பார்த்துட்டு "இது நமக்கு வேண்டியதைவிடச் சின்ன வீடு போல"ன்னு தாண்டிப் போயிருப்பார். தவிர ரேரா சட்டத்தோட 12வது பிரிவு, விளம்பரத்துல இருக்கற தப்பான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ஈடு குடுக்கணும்னு சொல்லுது. இப்ப விளம்பரத்துலயே 75ன்னு போட்டாச்சு. விசாரணை குறைஞ்சது, ஒத்துக்கறேன். பேசற பேச்சு நீளமாச்சு.

வாசல் திசையை ஏன் முதல் மெசேஜ்லயே போடணும்னு கேக்கலாம். நான் வாஸ்து நம்பறவன் இல்லை. ஆனா மேற்கு வாசல்னு தெரிஞ்சதும் வேண்டாம்னு சொல்றவர் எப்படியும் வேண்டாம்னுதான் சொல்லப் போறார். அதை அவர் வீட்ல உக்காந்து சொன்னா ரெண்டு பேருக்கும் பெட்ரோல் மிச்சம்.

ராத்திரி 9 மணிக்கு மேல வந்தா மெசேஜ் மட்டும். கால் மறுநாள் பத்து மணிக்கு மேல. அவரே அப்பவே பதில் போட்டா பேசலாம், இல்லேன்னா விட்டுடணும்.

கால்ல என்ன பேசறது

மச்சானுக்கு போன்ல பேச வரும். அதுதான் பிரச்சனையே. எடுத்த உடனே ஜாகுவார் குழாய், டைல்ஸ், டீக்வுட் கதவுன்னு பத்து நிமிஷம் ஓட்டுவார். எதிர்ல இருக்கறவர் "ம்... ம்..."னு கேட்டுட்டு, "சரி சார் பார்த்துட்டு சொல்றேன்"னு வெச்சுடுவார். இவருக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.

நான் எழுதிக் குடுத்தது மூணே கேள்வி. முதல் கேள்வி: "எப்போ குடி போகணும்னு நினைக்கறீங்க?" வீடு இன்னும் அஞ்சு மாசத்துல முடியும். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள போகணும்னு நினைக்கறவருக்கும், வாடகை ஒப்பந்தம் அடுத்த வருஷம்தான் முடியுதுன்னு சொல்றவருக்கும் ஒரே பேச்சு பேச முடியாது.

ரெண்டாவது கேள்வி: "லோன் போடறீங்களா, வேற வீடு வித்து வாங்கறீங்களா?" வேற வீட்டை வித்துதான் வாங்கணும்னா அந்த வீடு விக்கற வரைக்கும் இவர் முடிவெடுக்க முடியாது. இவரை வாராவாரம் கூப்பிட்டுப் பிராணனை வாங்கறதுல அர்த்தமே இல்லை.

மூணாவதுதான் முக்கியம்: "வீட்ல யாரெல்லாம் பார்க்கணும்?" நம்ம பக்கத்துல வீடு ஒருத்தர் வாங்கறதில்லை, குடும்பமே வாங்குது. புருஷன் மட்டும் வந்து பார்த்து "சூப்பர்"னு சொல்லிட்டுப் போவார். மாமியார் வந்து சமையலறைல நின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அதனால முதல் தடவையே எல்லாரும் வர்ற மாதிரி நேரம் கேக்கணும். அந்த நேரம் ஞாயித்துக்கிழமை நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் இருக்கக் கூடாது. ராகு காலம்! அந்த நேரத்துக்கு "வர்றோம்"னு சொல்லிட்டு வராமலே விட்டவங்க ரெண்டு பேர். நேரடியா காரணம் சொல்ல மாட்டாங்க, "மழை வர்ற மாதிரி இருந்தது"ம்பாங்க.

போன் எடுக்கலைன்னா? ஒரு தடவை மட்டும். அடுத்தது வேற பொழுதுல. மத்தியானம் எடுக்காதவர் சாயங்காலம் ஏழரைக்கு எடுப்பார். அதே நேரத்துக்கு நாலு நாள் கூப்பிட்டுட்டு "எடுக்கவே மாட்டேங்கறான்"னு சொல்றது நம்ம தப்பு.

ஒரு கேஸ், முழுசா

ஒரு டீச்சரம்மா. ஜூலை மாசம், வியாழக்கிழமை மத்தியானம் 1.10க்கு விசாரிச்சிருந்தாங்க. 1.14க்கு மெசேஜ் போச்சு. 1.20க்கு கால், எடுக்கலை. சூபர்வைசர் தம்பி மறுபடி கூப்பிடக் கை பரபரத்தான், தடுத்தேன். 1.10க்குக் கேட்டவங்க சாப்பாட்டு இடைவேளைல இருக்கலாம், இப்ப வேலைல இருப்பாங்க. 4.40க்குக் கூப்பிட்டா எடுத்துட்டாங்க. "கிளாஸ்ல இருந்தேன் தம்பி, மெசேஜ் பார்த்தேன், விலை தெளிவா போட்டிருந்தீங்க"ன்னாங்க.

மூணு கேள்விக்கும் பதில்: குடி போக அவசரம் இல்லை, லோன் பாதி சேமிப்பு பாதி, பார்க்க வேண்டியவங்க அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. இது தெரிஞ்சதும் மச்சான் ஒரு உருப்படியான வேலை செஞ்சார். லிஃப்ட் இன்னும் பொருத்தலை, அதனால அம்மாவை மாடி ஏற விடாம, ஸ்டில்ட்ல நாற்காலி போட்டு உக்காரவெச்சு, மாடியை வீடியோ கால்ல காட்டினார். சனிக்கிழமை வந்தாங்க, அம்மாவும் வந்தாங்க. அம்மாவுக்கு இடம் பிடிச்சது. வடக்கு வாசல் வீடு ரெண்டாவது மாடில இருந்ததால லிஃப்ட் எப்ப வரும்னு ஒரே கேள்வி.

அன்னிக்கு ராத்திரியே ஒரு மெசேஜ்: "இன்னிக்கு நீங்க கேட்ட மூணு விஷயம். லிஃப்ட் அக்டோபர்ல பொருத்தறோம், ஆர்டர் போட்ட பேப்பர் போட்டோ இதோ. தண்ணி, போர் ஒண்ணு, மெட்ரோ வாட்டர் இணைப்புக்கு விண்ணப்பிச்சாச்சு, இன்னும் வரலை. பேரன்ட் டாக்குமென்ட், வில்லங்கம், பிளான் அப்ரூவல் நகல் உங்க வக்கீலுக்கு எப்ப வேணும்னாலும் தர்றேன்." கேள்வி எதுவும் இல்லை, "எப்ப புக் பண்றீங்க"ன்னும் இல்லை.

அடுத்த வாரம் கூப்பிட்டா, "ஆடி பொறந்துடுச்சே தம்பி, போகட்டும்"னாங்க. மச்சான் சோர்ந்து போய்ப் பேரை அடிச்சுட்டார். நான் சொன்னேன், "ஆடி போகட்டும்"கிறது வேண்டாம்னு அர்த்தம் இல்லை மச்சான், அது தேதி! வேண்டாம்னு சொல்றவங்க "வீட்ல பேசிட்டு சொல்றோம்"பாங்க. ஆடிங்கறவங்க ஆவணி ஒண்ணாம் தேதிக்கு நம்மளைக் கூப்பிடச் சொல்றாங்க. நடுவுல ஒரே ஒரு மெசேஜ், லிஃப்ட் கிணறு வேலை நடக்கற போட்டோவோட. அதுக்கு ஒரு கைகூப்பு வந்தது. ஆவணி பொறந்து ரெண்டாம் நாள் கால். வக்கீல் பேப்பர் பார்க்க ஒரு வாரம். ஆகஸ்ட் கடைசில முன்பணம் குடுத்தாங்க. பத்து சதவீதத்துக்கு மேல வாங்கறதுக்கு முன்னாடி விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும், அது ரேரா சட்டத்தோட 13வது பிரிவு. அதையும் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே மச்சான் சொன்னார்.

கணக்குப் பாருங்க. முதல் பதில் நாலு நிமிஷம். முடிவு கிட்டத்தட்ட அம்பது நாள். அந்த நாலு நிமிஷம்தான் வித்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்லேன்னா அம்பது நாள் பேச ஆளே இருந்திருக்காது.

விடறதும் ஒரு வேலை

ஃபாலோ-அப்னா விடாம துரத்தறதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. பெரிய கம்பெனி கால் சென்டர்லேருந்து தினம் ஒரு புதுக்குரல் கூப்பிட்டு, முதல்லேருந்து அதே கேள்வி கேக்கும். அதைப் பார்த்து நாமும் செய்யணும்னு மச்சானுக்கு ஆசை. நான் கூடாதுங்கறேன். அவங்களுக்கு நூத்துக்கணக்குல வீடு, ஆளைப் பிழிஞ்சாலும் அடுத்த ஆள் வருவார். நமக்கு நாலு வீடு. நம்மகிட்ட இருக்கற ஒரே வசதி, போன் எடுக்கறவரே கட்டறவர்ங்கறது. தண்ணி வருமான்னு கேட்டா "சீனியர்கிட்ட கேட்டு சொல்றேன்"னு சொல்ல வேண்டியதில்லை.

அதனால எங்க கணக்கு இவ்ளோதான்: பேசின மூணாம் நாள் ஒரு தடவை, பத்தாம் நாள் ஒரு தடவை, ரெண்டுலயும் புதுசா ஒரு தகவல் இருக்கணும். சொல்றதுக்குப் புதுசா ஒண்ணும் இல்லேன்னா கூப்பிடக் கூடாது. அவங்களே தேதி குடுத்திருந்தா அந்தத் தேதிதான், அதுக்கு முன்னாடி இல்லை. எதுக்குமே பதில் வரலைன்னா கடைசியா ஒண்ணு:

"சார், நீங்க வேற வீடு முடிவு பண்ணியிருக்கலாம், இல்லே இப்போதைக்கு வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். இனிமே நானா தொந்தரவு பண்ண மாட்டேன். எப்ப வேணும்னாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடலாம்."

அனுப்பினா, அதுக்கப்புறம் நிஜமாவே கூப்பிடக் கூடாது. வேடிக்கை என்னன்னா, எல்லா மெசேஜ்லயும் அதிகமா பதில் வர்றது இதுக்குத்தான். "சார், வாங்கிட்டோம்"னு சொல்றாங்க. எங்க வாங்கினீங்க, ஏன் அதுன்னு கேட்டா இப்ப மனசு விட்டுச் சொல்றாங்க. ரெண்டு பேர் ஒரே மாதிரி "உங்க வீட்ல ரெண்டாவது பெட்ரூம்ல கட்டில் போட்டா பீரோவுக்கு இடமில்லை"ன்னு சொன்னதால, மிச்ச வீடுகளோட படத்துல இப்ப கட்டில், பீரோ வரைஞ்சு அளவோட அனுப்பறோம்.

ஒண்ணு மட்டும் ஸ்கிரிப்ட்ல கண்டிப்பா கிடையாது. "நாளைக்கு இன்னொரு பார்ட்டி டோக்கனோட வர்றாங்க, இன்னிக்கே போட்டுடுங்க." மச்சான் இதை ரெண்டு தடவை சொல்லி, ஒரு தடவை வேலை செஞ்சது. அந்த ஒரு தடவை வாங்கினவர் இன்னிக்கு வரைக்கும் மச்சானை நம்பறதில்லை. ஒவ்வொரு கட்டத்துலயும் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து சுத்தியலால தட்டிப் பார்க்கறார். ஒரு நாள் அவசரப்படுத்தினதுக்கு ஒரு வருஷ சந்தேகம்.

எப்படித் தெரியும்?

சாஃப்ட்வேர் எல்லாம் வாங்கலை. ஒரு நோட்டு. விசாரணை வந்த நேரம், முதல் மனுஷப் பதில் போன நேரம், அடுத்து எப்ப கூப்பிடணும்ங்கற தேதி. மூணே கட்டம். மூணாவது கட்டம் காலியா இருந்தா அந்த ஆள் தொலைஞ்சார்னு அர்த்தம்.

மாசக் கடைசில சராசரி போடாதீங்க. ஒரே ஒருத்தரை நாலு நாள் விட்டுட்டா சராசரி எங்கயோ போயிடும். எல்லா நேரத்தையும் சின்னதுலேருந்து பெருசா வரிசையா எழுதி நட்டநடுல இருக்கறதைப் பாருங்க. எங்களுக்கு அது முதல்ல ஏழு மணி நேரமா இருந்தது, இப்ப பதினாலு நிமிஷம். கூடவே ஞாயித்துக்கிழமை ராத்திரியை மட்டும் தனியா பாருங்க. எங்க ஓட்டை அங்கதான் இருந்தது. ஜனங்க வீடு தேடறது அப்பதான், மச்சான் தூங்கறதும் அப்பதான். இப்ப அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் போன் தங்கச்சி கையில், அதாவது எங்க வீட்டம்மா கையில். மெசேஜ் மட்டும் அனுப்பறாங்க, கமிஷன் பட்டுப்புடவையாம். மச்சான் பொறுப்பு, நான் சாட்சி மட்டும்!

டீச்சரம்மா வாங்கினது போக மூணு வீடு இன்னும் நிக்குது, மூணும் மேற்கு வாசல். வட்டியும் ஓடுது. வேகம் இல்லாத வாசலை உண்டாக்காது, விலையைக் குறைக்காது. மச்சான் சொன்ன "வாங்கறவன் தானா வருவான்"ல நிஜம் இருக்குன்னு முதல்லயே சொன்னேன். வருவான் மச்சான். ஆனா வர்ற வழில ரெண்டு தெரு முன்னாடியே ஒருத்தர் "வாங்க சார்"னு கூப்பிட்டுட்டா அங்கயே நின்னுடுவான்.

கிரகப்பிரவேசம் வர்ற வெள்ளிக்கிழமை. போய் வயிறார சாப்பிட்டு வர்றேன். வீடு தேடி அலைஞ்ச அனுபவம் உள்ள மக்கா, எந்த மெசேஜ் உங்களை நேர்ல போக வெச்சது, எந்தக் கால் நம்பரை பிளாக் பண்ண வெச்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. மச்சான்கிட்ட படிச்சுக் காட்டறேன்.

டிஸ்கி: வீடு எங்கன்னு கேட்டு தனிமடல் போடாதீங்க, இது விளம்பரப் பதிவு இல்லை. போட்டா... அஞ்சு நிமிஷத்துல பதில் வரும் :-)